டெபாசிட்டில் பிடித்தது சரிதானா? கொடுத்த நாள் முதல் திரும்ப வாங்கும் நாள் வரை

வாடகை வீட்டு டெபாசிட் ஒரு விநோதமான பணம். நம்முடையதுதான், ஆனால் இன்னொருவர் கையில் இருக்கும். கொடுக்கும்போது எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள், யாரும் எழுத்தில் எதையும் கேட்க மாட்டார்கள். திரும்ப வாங்கும்போது இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும், நினைவுகள் மாறியிருக்கும், கையில் ஒரு பிடித்தப் பட்டியல் வந்து விழும். அந்தப் பட்டியலை வரி வரியாகச் சரிபார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ஆனால் அதற்கு வேண்டிய ஆதாரங்கள் முதல் நாளிலேயே சேர வேண்டியவை என்பதால் அங்கிருந்து தொடங்கலாம்.

பணம் கொடுக்கும் நாள்

டெபாசிட் பெரும்பாலும் ஒரே தடவையில் போவதில்லை. வீடு பிடித்துப்போன அன்றே ஒரு சின்னத் தொகையை டோக்கனாகக் கையில் கொடுப்போம், மீதியை ஒப்பந்தம் போடும்போது வங்கி வழியாக அனுப்புவோம். பிற்பாடு காணாமல் போவது அந்த டோக்கன் தொகைதான். வங்கிக் கணக்கில் 50,000 போனதற்குத் தடயம் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்த 10,000 யாருக்கும் நினைவிருக்காது. அதனால் ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல், எந்தத் தேதியில், எந்த வழியில், எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதா? சரி, ஒரு செய்தி அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது:

"சார், வணக்கம். வீட்டு டெபாசிட் மொத்தம் 60,000. இதில் 3ஆம் தேதி ரொக்கமாக 10,000 கொடுத்தேன், இன்று வங்கி மூலம் 50,000 அனுப்பியிருக்கிறேன். வந்துவிட்டதா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

"வந்துவிட்டது" என்று அவர் ஒரு பதில் போட்டால் ரொக்கத்துக்கும் எழுத்தில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை. பணம் அனுப்பிய யாரும் கேட்பதுதான்.

வங்கியில் அனுப்பும்போது குறிப்புப் பகுதியை வெறுமையாக விடாதீர்கள். 'அட்வான்ஸ்' என்று மட்டும் போட்டால், அது முன்கூட்டிக் கொடுத்த வாடகை என்று பின்னால் சொல்ல இடம் கொடுக்கும். 'வீட்டு டெபாசிட்' என்று எழுதி, வீட்டு எண்ணையும் சேர்த்துவிடுங்கள். தரகருக்குக் கொடுத்த கமிஷன், ஒப்பந்தப் பத்திரச் செலவு இவையெல்லாம் திரும்பி வராதவை. டெபாசிட்டோடு ஒரே தொகையாகச் சேர்த்து அனுப்பினால் பிரித்துக் காட்டுவது தலைவலி. பணம் உங்கள் அண்ணன் கணக்கிலிருந்தோ மனைவி கணக்கிலிருந்தோ போயிருந்தால் அதையும் செய்தியில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அன்றே அந்த மாத வங்கி அறிக்கையைத் தரவிறக்கி ஒரு கோப்புறையில் போட்டுவையுங்கள். பழைய பரிவர்த்தனைகளைச் செயலியில் தேடி எடுக்க எப்போதும் முடியும் என்று நம்பாதீர்கள். கணக்கை மூடினாலோ வங்கி மாறினாலோ இன்னும் சிரமம். அச்சடித்த ரசீது வழவழப்பான வெப்பத்தாளில் இருந்தால் எழுத்து மங்கிவிடும், உடனே படம் எடுத்துவிட வேண்டும்.

கணக்கு வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெபாசிட்டைச் செலவு என்று எழுதாதீர்கள். அது வர வேண்டிய பணம். 'வீட்டு ஓனரிடம் இருப்பு' என்று தனி வரியாக இருக்கட்டும். செலவில் எழுதினால் அந்த மாதத்தோடு அது கண்ணை விட்டுப் போய்விடும். தனி வரியாக இருந்தால், வாடகை கூடும்போது கூடுதலாகக் கேட்ட டெபாசிட்டையும் அதிலேயே சேர்க்கலாம், கடைசியில் எவ்வளவு வர வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரியும்.

சாமான் ஏற்றுவதற்கு முன்

குடிபோகும் நாளில் வீடு காலியாக இருக்கும் அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது. வாசலில் தொடங்கி எல்லா அறைகளையும் இடைவெளி இல்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அதன் பிறகு, குறை உள்ள இடங்களை மட்டும் இரண்டு இரண்டு படங்களாக எடுங்கள்: ஒன்று தூரத்தில் நின்று, எந்த அறை எந்தச் சுவர் என்று தெரியும்படி, இன்னொன்று கிட்டத்தில். கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அந்த விரிசல் எந்த வீட்டுச் சுவரிலும் இருக்கலாம். கீறலுக்குப் பக்கத்தில் ஒரு நாணயமோ சாவியோ வைத்தால் அளவு புரியும்.

பலர் சுவரை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். குழாய்களைத் திறந்து மூடி, சொட்டுகிறதா என்று பாருங்கள். கதவுகளின் பின்பக்கம், அலமாரியின் உள்பக்கம், சிங்க்குக்கு அடியில், ஜன்னல் கொக்கி, கழிவறைத் தரையின் ஓரங்கள், மின்விசிறி ரெகுலேட்டர் எல்லாவற்றையும் பாருங்கள். மின்சார மீட்டரின் எண் பலகையையும் மீட்டரின் வரிசை எண்ணையும் ஒரே படத்தில் எடுங்கள். சாவிகளை எண்ணி ஒரு படம்.

இந்தப் படங்களை உங்கள் போனிலேயே வைத்திருப்பதில் பாதிப் பயன்தான். 'இதைப் போன வாரம் எடுத்திருப்பீர்கள்' என்று ஒருவர் சொன்னால் மறுப்பது கடினம். அன்றைக்கே ஓனருக்கு அனுப்பிவிட்டால், அனுப்பிய தேதி இரண்டு பேர் போனிலும் பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். கோப்பாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள். கூடவே நான்கைந்து வரியில் குறைகளை எழுதுங்கள்: "சமையலறைக் குழாய் சொட்டுகிறது, பெரிய படுக்கையறையில் ஜன்னல் ஓரம் ஈரக்கறை, ஹாலில் இரண்டு தரைக்கற்களில் விரிசல்." அதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: வீட்டுக்குக் கடைசியாகப் பெயின்ட் அடித்தது எப்போது? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பின்னால் உங்களுக்கு அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும். ஏன் என்று கீழே பார்ப்போம்.

நடுவில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பழுது ஏதும் வந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். ஒழுகுவதைச் சொல்லாமல் விட்டு அதனால் மரம் ஊறிப்போனால் அது உங்கள் தலையில் விழும். வீடு வேறொருவருக்கு விற்கப்பட்டால், டெபாசிட் யாரிடம் இருக்கிறது, யார் திருப்பித் தருவார் என்று பழையவர், புதியவர் இருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். ஒரே வீட்டில் நண்பர்களாகச் சேர்ந்து இருந்து ஒருவர் நடுவில் கிளம்பினால், அவர் பங்கை யார் கொடுத்தார் என்பதையும் எழுதிவையுங்கள்.

சாவி கொடுக்கும் நாள்

கடைசி மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஓனர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் சரி. இல்லையென்றால் அது வாடகை பாக்கி ஆகிவிடும், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சாமான்களை வெளியே எடுத்து, கூட்டித் துடைத்த பிறகு, குடிபோன நாளில் எடுத்த அதே இடங்களில் நின்று அதே வரிசையில் மறுபடியும் எடுங்கள். முடிந்தால் ஓனரை வரச் சொல்லி ஒன்றாகச் சுற்றிப் பாருங்கள். அவர் ஏதாவது சொன்னால் அங்கேயே வாதாடத் தேவையில்லை; என்ன சொன்னார் என்று குறித்துக்கொண்டால் போதும். மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். சாவியைக் கொடுத்ததும் ஒரு செய்தி: "இன்று மாலை மூன்று சாவிகளையும் ஒப்படைத்தேன், மீட்டர் ரீடிங் 8,412." வாடகை எந்த நாளோடு நிற்கிறது என்பதற்கு இந்தச் செய்திதான் அத்தாட்சி.

பட்டியல் வந்ததும்

இப்போது ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். டெபாசிட் 60,000. குடியிருந்தது 30 மாதம். ஓனர் அனுப்பிய பட்டியல் இப்படி: வீடு முழுக்கப் பெயின்ட் 18,000, துப்புரவு 3,000, சமையலறைக் குழாய் மாற்றியது 1,500, படுக்கையறைக் கதவு புதிது 4,000, மின்கட்டணப் பாக்கி 2,600. மொத்தப் பிடித்தம் 29,100, திரும்பி வருவது 30,900.

மொத்தத்தைப் பார்த்துக் கோபப்படுவதால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு வரியிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது நான் வருவதற்கு முன்பே இருந்ததா? சாதாரணமாகப் புழங்கியதால் வந்த தேய்மானமா, இல்லை சேதமா? செலவுக்குப் பில் இருக்கிறதா? பழைய பொருளுக்குப் பதிலாகப் புதிய பொருளின் முழு விலையை என்னிடம் கேட்கிறார்களா?

இரண்டாவது கேள்வியில்தான் சண்டை அதிகம். வெயில் பட்டு நிறம் வெளுத்த சுவர், நடந்து நடந்து மங்கிய தரை, தளர்ந்துபோன கைப்பிடி இவை தேய்மானம். யார் குடியிருந்தாலும் வந்திருக்கும், வாடகை வாங்குவதே அதற்கும் சேர்த்துத்தான். பிள்ளை கிறுக்கிய சுவர், உடைந்த கண்ணாடி, துளை விழுந்த கதவு இவை சேதம். காலம் செய்ததா, ஆள் செய்ததா என்று பார்த்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் 'பெயின்ட் செலவு குடியிருப்பவருடையது' என்று தனியாக எழுதியிருந்தால் கதை வேறு; சில இடங்களில் அந்த வரி செல்லும், சில இடங்களில் செல்லாது. ஆகவே ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். நம் கணக்கில் அப்படி வரி இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

பெயின்ட்டைப் பார்ப்போம். சேதம் என்று ஒத்துக்கொள்ளக்கூடியது ஒரே ஓர் அறையில், பிள்ளை கிறுக்கிய ஒரு சுவர். ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் நிறம் ஒட்டாது, அதனால் அந்த அறை முழுவதையும் ஏற்பது நியாயம். பெயின்ட்டர் பில்லில் அந்த அறையின் பங்கு 4,500. ஆனால் பெயின்ட்டுக்கும் ஆயுள் உண்டு. இந்த வீட்டில் 60 மாதம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்வதாக எடுத்துக்கொள்வோம். நாம் குடிபோனபோதே அது 24 மாதப் பழசு என்று ஓனரே செய்தியில் சொல்லியிருக்கிறார். நாம் 30 மாதம் இருந்தோம். ஆக 54 மாதம் ஓடிவிட்டது, மிச்சம் 6 மாதம், அதாவது பத்தில் ஒரு பங்கு. பிள்ளை கிறுக்கியிருக்காவிட்டாலும் இன்னும் ஆறு மாதத்தில் அவர் அடித்திருக்க வேண்டிய பெயின்ட் அது. நாம் தர வேண்டியது 450.

விரிதாளில் இதை எழுதுவது எளிது. B பத்தியில் செலவு, C பத்தியில் பொருளின் வயது மாதங்களில், D பத்தியில் அதன் ஆயுள் மாதங்களில் இருந்தால்:

```
=B2*MAX(0,1-C2/D2)
```

ஆயுள் முடிந்த பொருளுக்கு விடை பூஜ்யம் என்று வரும். ஒரு எச்சரிக்கை: இந்தக் கழிவு, பழசை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும் செலவுக்குத்தான். துப்புரவுக் கூலிக்கோ சின்ன ஒட்டு வேலைக்கோ இதைப் போட்டால் எதிரில் இருப்பவர் சிரிப்பார். கிழிந்ததைத் தைத்துக் கொடுத்தால் சட்டை புதிதாகிவிடாது, தையல்கூலியை முழுதாகத்தான் தர வேண்டும்.

அடுத்து துப்புரவு. பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அதில் இரண்டு வரி இருக்கிறது: சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு 1,200, பெயின்ட் வேலைக்குப் பின் தரை சுத்தம் 1,800. இரண்டாவது அவருடைய பெயின்ட் வேலையால் வந்தது, நமக்குச் சம்பந்தமில்லை. முதலாவது நம்முடையது, குடிபோன நாளின் படத்தில் சமையலறைச் சுவர் பளிச்சென்று இருக்கிறது. 1,200 ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். தேதியையும் கவனியுங்கள். பெயின்ட்டர் வேலை முடிந்த மறுநாள் தேதியிட்ட துப்புரவு பில் பாதி உண்மையைத் தானே சொல்லிவிடும்.

குழாய் சொட்டுகிறது என்று முதல் நாளே எழுதியிருந்தோம், ஆக பூஜ்யம். கதவில் இருக்கும் துளை நாம் போட்டது. ஆனால் கதவையே மாற்றும் அளவுக்கு அது பெரிதா? தச்சர் ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டால் அடைத்து மெருகு போட 1,500 என்று எழுதித் தருகிறார். சரி செய்யக்கூடியதை மாற்றினால் அந்தக் கூடுதல் செலவு மாற்றியவருடையது. 1,500 தரலாம், இது ஒட்டு வேலை, வயதுக் கழிவு இல்லை.

மின்கட்டணத்தில் யாரும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை, ஆனால் பிழை இங்கேதான் சத்தமில்லாமல் நுழையும். பில் வந்தபோது நாம் கிளம்பிச் சில வாரம் ஆகியிருந்தது. பெயின்ட் வேலைக்காரர்கள் ஓட்டிய மின்சாரமும் அதில் இருக்கிறது. பில்லின் பழைய ரீடிங் 8,180, புதிய ரீடிங் 8,505, மொத்தம் 325 யூனிட், தொகை 2,600. யூனிட்டுக்கு 8. நாம் சாவி கொடுத்த அன்று 8,412. நம் பங்கு 232 யூனிட், அதாவது 1,856. விலை ஒரே சீராக இருந்தால் இப்படிப் பெருக்கினால் போதும். யூனிட் கூடக் கூட விலை ஏறும் முறையாக இருந்தால், மொத்தத் தொகையை யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசித் தீர்ப்பது எளிது. நிலையான மாதக் கட்டணம் இருந்தால் அதை நாள் கணக்கில் பிரியுங்கள்.

கூட்டிப் பார்த்தால் 450, 1,200, 1,500, 1,856, மொத்தம் 5,006. திரும்பி வர வேண்டியது 54,994. தருவதாகச் சொன்னது 30,900. வித்தியாசம் 24,094. இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதும் 'ரொம்ப அதிகமாகப் பிடித்துவிட்டீர்கள்' என்று பேசுவதும் ஒன்றல்ல.

பதில் எழுதுவது

நம் தவறை முதலில் ஒத்துக்கொண்டு தொடங்கும் கடிதத்துக்குத்தான் மரியாதை. "சார், உங்கள் பட்டியலைப் பார்த்தேன். கதவுத் துளைக்கும் சமையலறைத் துப்புரவுக்கும் நான் பொறுப்பு. மற்ற வரிகளுக்கு என் கணக்கையும் படங்களையும் இணைத்திருக்கிறேன். என் கணக்குப்படி 54,994 வர வேண்டும். எந்த வரியில் மாறுபாடு இருந்தாலும் பில்லோடு சொல்லுங்கள், 14 நாளுக்குள் முடித்துக்கொள்ளலாம்." கோபமும் கிண்டலும் வேண்டாம், நாளைக்கு இதை மூன்றாவது ஆள் ஒருவர் படிக்க நேரலாம். போனில் பேசினால், பேசி முடித்ததும் பேசியதைச் செய்தியாக அனுப்புங்கள்.

சர்ச்சை இல்லாத 30,900ஐ உடனே தரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அதை வாங்கும்போது 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடாதீர்கள். 'பகுதித் தொகை பெற்றேன், மீதி பேச்சில் உள்ளது' என்று எழுதிக் கொடுங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், பில் காட்ட வேண்டுமா, வட்டி உண்டா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் சட்டத்தில் மாறும். கடிதம் எழுதுவதற்கு முன் உங்கள் இடத்து வாடகைச் சட்டத்தில் அந்த நாள் கணக்கை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். 14 என்ற இடத்தில் அந்த எண் வர வேண்டும். வாடகைத் தீர்ப்பாயமோ சின்னத் தொகைகளுக்கான நீதிமன்றமோ இருக்கும் இடங்களில், மேலே செய்த கணக்குத்தாளும் படங்களும்தான் மனுவுக்கான இணைப்பு.

வேலை கொடுத்தவரிடம் இருக்கும் டெபாசிட்

சீருடை, கருவிகள், லேப்டாப், தங்கும் அறை என்று சொல்லி நிறுவனங்களும் டெபாசிட் வாங்குவதுண்டு. இங்கே முதல் கேள்வியே வேறு: இதை வாங்க அவர்களுக்கு அனுமதி உண்டா? வேலை கிடைப்பதற்காகவோ வேலையில் நீடிப்பதற்காகவோ முதலாளிக்கோ இடைத்தரகருக்கோ போகும்படி சம்பளத்தில் பிடிப்பதை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு தடை செய்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால் கண் வைக்க வேண்டியது சம்பளச் சீட்டில். இந்த டெபாசிட் மொத்தமாகப் போகாமல் மாதம் 500, 1,000 என்று பிடிபடுவதால் ஆறாவது மாதத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. சீட்டு ஒவ்வொன்றையும் சேமித்து, பிடித்ததையும் அதுவரை சேர்ந்ததையும் ஒரு வரியில் எழுதிக்கொண்டே வாருங்கள். பிடித்தம் நிற்க வேண்டிய மாதத்துக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருப்பது இப்படி எழுதினால்தான் கண்ணில் படும். சீட்டில் 'இதர பிடித்தம்' என்று மட்டும் இருந்தால் அது எதற்கு என்று மின்னஞ்சலில் கேட்டு பதில் வாங்குங்கள்.

நிறுவன மின்னஞ்சல் வேலையை விடும் நாளோடு மூடிவிடும் என்பதை மறக்காதீர்கள். டெபாசிட் பற்றிய கடிதங்கள், சம்பளச் சீட்டுகளின் நகல்கள் முன்கூட்டியே உங்கள் சொந்த இடத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் மற்ற கோப்புகளைத் தொடாதீர்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது வரிசை எண்ணோடு, நிலையைக் குறிப்பிட்டு, வாங்கிக்கொண்டவர் கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்குங்கள். மூன்று வருடம் ஓடிய லேப்டாப்புக்குப் புது விலை பிடித்திருந்தால் மேலே உள்ள அதே சூத்திரம் இங்கேயும் செல்லும். இறுதிக் கணக்குத் தாளில் டெபாசிட் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் விடுபடுவது அந்த வரிதான். அந்த வரி இல்லாத தாளில் 'பாக்கி ஏதும் இல்லை' என்ற இடத்தில் கையெழுத்துப் போடாமல், திருத்திய தாளைக் கேட்டு வாங்குங்கள்.